தெரு ரோடு சரி பண்ண நகராட்சிக்கு மனு எழுதுறது எப்படி

எங்க தெருவுல குடிநீர் குழாய் போட தோண்டி மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போனதுல இருந்து ரோடு ரோடாவே இல்ல. மனு கொடுத்து வேலை நடந்த பிறகு பக்கத்து தெருக்காரங்க எல்லாம் எப்படி எழுதுனீங்கன்னு கேட்டாங்க, அதான் இது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான், அதை விட்டுடறேன்.

முதல்ல ரோடு யாரோடதுன்னு பாருங்க

முக்கால்வாசி மனு மாட்டிக்கிறது இங்கதான். ஊருக்குள்ள இருக்குற எல்லா ரோடும் நகராட்சியோடது கிடையாது. பஸ் போற மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கும், அதுக்கு நகராட்சியில மனு கொடுத்தா "எங்க ரோடு இல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. ஓரத்துல கிலோமீட்டர் கல் இருந்தா தலைப்பகுதி கலரைப் பாருங்க, மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத தெருவா இருந்தா நகராட்சி பொறியியல் பிரிவுக்குப் போய், தெரு பேரும் வார்டு நம்பரும் சொல்லி, இது உங்க சாலைப் பதிவேட்டுல இருக்கான்னு கேளுங்க. இருக்குன்னு சொன்னாங்கன்னா அதை மனுவோட முதல் பத்தியிலயே எழுதிடுங்க, அப்புறம் யாரும் வேற ஆபீஸுக்கு கை காட்ட முடியாது.

எங்க தெருவுல இன்னொரு சிக்கல், ரோடு நகராட்சியோடது, தோண்டினது வேற துறை. இப்படி இருந்தா மனுவை ஆணையர் பேருக்கே எழுதி, தோண்டின துறைக்கு ஒரு நகல் போடுங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனி மனு எழுதாதீங்க, ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டிட்டு உக்காந்துடுவாங்க.

அளந்து எழுதுங்க

"ரோடு ரொம்ப மோசமா இருக்கு"ன்னா உதவிப் பொறியாளருக்கு எஸ்டிமேட் போட ஒண்ணும் கிடைக்காது. டேப் எடுத்து நீளம், அகலம், பள்ளத்தோட ஆழம் அளங்க. இடத்தை கதவு எண் வச்சோ கரண்ட் கம்பம் நம்பர் வச்சோ சொல்லுங்க. போட்டோவுக்கு தேதியும் இடமும் படத்துலயே விழுற ஜிபிஎஸ் கேமரா ஆப்தான் நல்லது, சும்மா எடுத்த போட்டோவை எந்த தெருன்னு யாரும் நம்ப மாட்டாங்க. பள்ளத்துக்குள்ள ஒரு ஸ்கேல் நிக்க வச்சு எடுங்க.

நாங்க எழுதினது இப்படி:

> "எங்கள் தெருவில் சுமார் 180 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள தார்ச்சாலை, குடிநீர்க் குழாய் பதித்த பின் சீரமைக்கப்படவில்லை. கதவு எண் 12 முதல் 31 வரை நடுவில் 15 செ.மீ. வரை பள்ளம் உள்ளது. மழைக்கு முன் பள்ளங்களை ஜல்லிக் கலவையால் நிரப்பவும், மழைக்காலம் முடிந்ததும் பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தார்ச்சாலை அமைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

கோரிக்கையை இப்படி ரெண்டா பிரிச்சதுக்கு காரணம் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில தார் போட்டா ஒட்டாது, அதனால அந்த மாசத்துல புது ரோடு கேட்டா "மழை முடியட்டும்"னு மனுவை ஓரமா வச்சிடுவாங்க. பழைய ரோட்டைச் சுரண்டணும்னு கேக்குறதையும் விடாதீங்க. மேலயே போட்டா ரோடு ஏறி வீடு இறங்கிடும், தண்ணி வாசலுக்குள்ள வரும்.

தெருவிளக்கு, சாக்கடை, கொசு எல்லாத்தையும் இதே மனுவுல சேர்க்க ஆளுங்க வருவாங்க. சேர்க்காதீங்க, ஒவ்வொண்ணும் வேற வேற பிரிவுக்குப் போறது, கொசுவுக்கு பதில் வந்துட்டா மனுவே முடிஞ்சதுன்னு கணக்கு காட்டிடலாம்.

கையெழுத்து

வெறும் தாள்ல கையெழுத்து வாங்காதீங்க. ஒவ்வொரு பக்கத்து மேலயும் கோரிக்கையை ரெண்டு வரியில அச்சடிச்சுட்டு, கீழ வரிசை எண், பெயர், கதவு எண், கையெழுத்துன்னு கட்டம் போடுங்க, அப்பதான் எதுக்கு கையெழுத்து போடுறோம்னு பாத்துட்டு தைரியமா போடுவாங்க, பின்னால யாரும் தாளை வேற எதுக்கும் சேர்க்கவும் முடியாது. வாடகைக்கு இருக்குறவங்களும் போடலாம். வீட்டுல ஆள் இல்லன்னா இன்னொரு நேரம் போங்க, அவருக்காக நீங்க போடாதீங்க, ஒரே எழுத்துல நாலு கையெழுத்து இருந்தா மொத்த பட்டியல் மேலயும் சந்தேகம் வரும். கைநாட்டு வச்சா பக்கத்துல பேரை எழுதி, கூட இருந்தவர் ஒரு கையெழுத்து போடணும். பக்கத்துக்கு "1/4, 2/4"ன்னு நம்பர் போடுங்க.

கொடுக்குறப்போ

ஒரிஜினலையும் முழு ஜெராக்ஸையும் கொண்டுபோய் தபால் பிரிவுல கொடுத்து, ஜெராக்ஸ்ல தேதியோட சீல் வாங்குங்க. கவுன்சிலர்கிட்ட ஒரு நகல் கொடுங்க, ஆனா அவர் கையில மட்டும் கொடுத்துட்டு வந்துடாதீங்க, உங்க கையில சீல் இருக்காது. பதிலே வரலன்னா கலெக்டர் ஆபீஸ்ல திங்கள்கிழமை நடக்குற குறைதீர்க்கும் கூட்டத்துல அந்த சீல் நகலோட போங்க. அப்பவும் அசையலன்னா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த தேதி மனு மேல என்ன நடவடிக்கை, கோப்பு யார்கிட்ட இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும்.

அப்டேட்: புது பிளாட் ஏரியாவுல இருந்து ஒருத்தர், சாலைப் பதிவேட்டுல தன் தெருவே இல்லன்னு எழுதியிருந்தார். மனை பிரிச்சவர் ரோட்டு இடத்தை உள்ளாட்சிக்கு தானப் பத்திரமா எழுதிக் கொடுக்கலன்னா இப்படி ஆகும். அங்க ரோடு போடச் சொல்லி மனு எழுதுறது வீண், முதல்ல லேஅவுட் வரைபட நகலை வாங்கி, பத்திரம் பதிவாகியிருக்கான்னு நகரமைப்புப் பிரிவுல கேளுங்க.