பில்லுக்கு பணம் போடுறதுக்கு முன்னாடி பிஓ, டிசி, பில் மூணையும் ஒத்துப் பாக்கறப்ப நடக்குற தப்புங்க

பிஓ நாம குடுக்கற பர்ச்சேஸ் ஆர்டர், டிசி சரக்கோட சப்ளையர் அனுப்பற டெலிவரி சலான். நிறைய சின்ன கம்பெனில மேட்சிங்னா டிசில 1000, பில்லுல 1000, டிக் போட்டு பேமெண்ட்டுக்கு அனுப்புனு முடிச்சிடறாங்க. ஆனா டிசியும் பில்லும் ரெண்டுமே சப்ளையர் எழுதினதுதானே, அவர் பேப்பர அவர் பேப்பரோடயே ஒத்துப் பாத்தா ஒத்துப்போகாம என்ன செய்யும்? நாம பாக்க வேண்டியது நம்ம ஆளு எண்ணி டிசில எழுதுன எண்ணிக்கைய.

அட்டைப்பெட்டி வாங்குறீங்கனு வைங்க. பிஓல 1000 பெட்டி, ஒண்ணு 42 ரூபா. லோடு வர்ற நேரம் டிரைவர் அவசரப்படுத்துவாரு, செக்யூரிட்டி எண்ணாமலே கையெழுத்து போட்டுருவாரு, அங்கதான் முதல் தப்பே. எண்ணினா 960தான் இருக்கு. அத டிசியோட ரெண்டு காப்பிலயும் "960 மட்டும் வந்தது"னு எழுதி டிரைவர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடணும். எண்ண நேரமே இல்லனா "எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை"னாவது எழுதுங்க, அன்னைக்கே எண்ணிடுங்க.

அடுத்து பில் வருது, 1000 பெட்டி, 44 ரூபா, ஜிஎஸ்டி இல்லாம 44,000. நாம குடுக்க வேண்டியது 960க்கு 42 வச்சு 40,320. வித்தியாசம் 3,680, அதுல 1,760 வராத 40 பெட்டிக்கு, மீதி 1,920 ரேட் ஏத்தினதுக்கு. கேட்டா "போன்ல சொன்னோமே சார்"ம்பாங்க. நிஜமாவே ஓனர் போன்ல ஒத்துக்கிட்டிருந்தா பிஓவ திருத்திடணும், இல்லனா அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு 42தான் ரேட்.

இங்க ரொம்ப பேர் பண்றது, பேசாம 3,680ஐ கழிச்சிட்டு மீதிய அனுப்பிடறது. அப்படி செஞ்சா சப்ளையர் கணக்குல பாக்கி நிக்கும், ஜிஎஸ்டில முழு பில்லும் அப்படியே இருக்கும், வராத சரக்குக்கு இன்புட் கிரெடிட்டும் எடுக்க முடியாது. கிரெடிட் நோட் கேட்டு வாங்குங்க. சப்ளையர் உத்யம் பதிவு இருக்கற மைக்ரோ இல்ல ஸ்மால் யூனிட்டா இருந்தா ஆட்சேபணைய சரக்கு வந்த 15 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும், எம்எஸ்எம்இ சட்டத்துல பேமெண்ட் கெடு எண்றப்ப எழுத்துல இருக்கறதுதான் கணக்கு, போன்ல சண்டை போட்டது கணக்குல வராது.

இதவிட கண்ணுக்கே தெரியாத தப்பு ஒண்ணு இருக்கு. பத்து நாள் கழிச்சு அந்த 40 பெட்டிய புது டிசில அனுப்பி 40க்கு தனி பில்லும் போடுவாங்க. டிசில 40, நாம எண்ணினது 40, பில்லுல 40, ரேட்டும் 42, எல்லாம் கரெக்ட்டா இருக்கும். ஆனா முதல் பில்லுக்கு கிரெடிட் நோட் வரலனா அந்த பிஓக்கு இதுவரைக்கும் பில் ஆனது 1040, வந்தது 1000. பிஓ நம்பர் வாரியா வந்தது எவ்ளோ, பில் ஆனது எவ்ளோனு ஓடுற மொத்தம் வச்சிருந்தா மட்டும்தான் இது மாட்டும், அதனால ஒவ்வொரு பிஓ காப்பி பின்னாடியும் டிசி நம்பர், வந்த எண்ணிக்கை, பில் நம்பர், பில் எண்ணிக்கைனு நாலு காலம் போட்டு, பேமெண்ட் போடறதுக்கு முன்னாடி அத கூட்டிப் பாருங்க.