வங்கிக் கடனுக்கு ஆர்டர் தரும் நிறுவனத்திடம் ஆதரவுக் கடிதம் கேட்கும்போது நடக்கும் தவறுகள்

கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதாக ஒரு சிஎன்சி லேத் வாங்கவேண்டும். விலை 20 லட்சம். 5 லட்சம் கைப்பணம், மீதி 15 லட்சம் வங்கிக் கடன். அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் கேட்கிறார்கள். அடமானம் இல்லாத கடன் என்றால், மெஷினில் ஓடப்போகும் வேலையைத்தான் வங்கி முதலில் பார்க்கும். அதனால் மேனேஜர், "ஆர்டர் தரும் கம்பெனியிடம் ஒரு லெட்டர் வாங்கி வாருங்கள்" என்பார். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, நற்சான்றிதழ் வாங்கி வருவது. "இவர்கள் எங்களுடன் பல ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார்கள், தரமான வேலை, இவர்கள் வளர வாழ்த்துகிறோம்" என்று எழுதிய கடிதத்தை வைத்து வங்கி அதிகாரி எதையும் கணக்கிட முடியாது. அவருக்கு வேண்டியவை நான்கு: எந்தப் பாகம், மாதம் எத்தனை, பீஸுக்கு என்ன கூலி, எத்தனை நாளில் பணம். இந்த நான்கும் இருந்தால் கடிதம் அரைப் பக்கம் போதும். வாழ்த்து வேண்டியதில்லை.

அடுத்தது, மெஷினால் முடியாத எண்ணிக்கையை எழுதிக் கேட்பது. ஒரு ஷாஃப்ட்டுக்கு ஏற்றி இறக்கும் நேரமும் சேர்த்து 4 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். ஒரு ஷிஃப்ட்டில் உருப்படியாக ஓடுவது 7 மணி நேரம், அதாவது 420 நிமிடம், 105 பீஸ். இரண்டு ஷிஃப்ட், மாதம் 25 நாள் என்றால் 5,250 பீஸ். அதுதான் உச்சம். கடிதத்தில் "மாதம் 10,000 பீஸ் வாங்குவோம்" என்று இருந்தால் ஆர்டர் பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். திட்ட அறிக்கையில் சைக்கிள் டைம் இருக்கும். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று பொய் என்றாகிவிடும். பம்ப் கம்பெனிக்கு உண்மையில் தேவை 4,000 என்றால் 4,000 என்றே வாங்குங்கள்.

எண்ணிக்கையை விடவும் பலர் சறுக்குவது மதிப்பில். ஜாப் ஒர்க்கில் கம்பியும் வார்ப்பும் பம்ப் கம்பெனியுடையவை. பட்டறைக்கு வருவது கூலி மட்டும். ஆனால் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் பாகத்தின் முழு மதிப்பைப் போட்டு "மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர்" என்று எழுதித் தந்துவிடுவார்கள். பீஸுக்கு 22 ரூபாய் கூலி என்றால் 4,000 பீஸுக்கு 88,000 ரூபாய்தான் வரவு. இதே கம்பெனிக்குப் பழைய மெஷினில் செய்த வேலைக்கான ஜிஎஸ்டிஆர்-1 வங்கியிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் மாதம் ஒரு லட்சத்தை ஒட்டிய கூலி பில்களும், கடிதத்தில் 6 லட்சமும் இருந்தால் கடிதம் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். "மூலப்பொருள் எங்களுடையது, பீஸுக்குக் கூலி 22 ரூபாய், ஜிஎஸ்டி தனி" என்ற ஒரு வரி இதைத் தடுக்கும்.

அந்த 88,000 போதுமா என்பதைக் கடிதம் கேட்கப் போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஆபரேட்டர் சம்பளம் 40,000, மின்சாரமும் இன்சர்ட்டும் 15,000 என்றால் மிஞ்சுவது 33,000. 15 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை சுமார் 32,000. ஒரு மாதம் ஆர்டர் கொஞ்சம் குறைந்தாலும் தவணை நிற்கும். இதை வைத்துக் கடன் தர எந்த அதிகாரியும் தயங்குவார். மீதி 1,250 பீஸ் அளவு நேரத்துக்கு இன்னொரு கம்பெனியிடம் 1,000 பீஸுக்குக் கடிதம் வாங்கினால் 22,000 கூடுதலாக வரும். அதில் செலவு மின்சாரமும் இன்சர்ட்டும்தான். ஆக, ஒரே கம்பெனியிடம் எண்ணிக்கையை ஏற்றிக் கேட்பதைவிட, இரண்டு கம்பெனியிடம் உள்ளதை உள்ளபடி கேட்பது நல்லது. இரண்டுக்கும் ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுக்காதீர்கள். குறிப்புகளைக் கொடுங்கள், அவரவர் நடையில் எழுதட்டும்.

பணம் வரும் நாள் கணக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கம்பெனிகள் கடிதம் தரத் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைப் பிடித்துவைக்க 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் இடம் தரவில்லை. தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. வருமான வரிச் சட்டத்திலும் அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்ற விதி வந்துவிட்டது. நடைமுறையில் 90 நாள் எடுக்கும் கம்பெனியிடம் "பில்லுக்கு 90 நாளில் பணம் தருவோம் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டால், தன் விதிமீறலுக்குத் தானே கையெழுத்துப் போடச் சொல்வதாகிவிடும். அக்கவுண்ட்ஸ் பிரிவு அதை அப்படியே மேசையில் போட்டுவிடும். 45 என்று சும்மா எழுதி வாங்கினாலும் பயனில்லை; வங்கி ஸ்டேட்மென்ட்டில் பணம் எப்போது வந்தது என்று தெரியும். 90 நாள் என்றால் மூன்று மாதக் கூலி, 2.64 லட்சம், எப்போதும் வெளியே நிற்கும். அதற்கு நடைமுறை மூலதனமும் கேட்டிருக்க வேண்டும். எனவே புது மெஷின் வேலைக்கு 45 நாளில் பணம் என்பதை முதலில் பேசி முடித்து, பர்ச்சேஸ் ஆர்டரில் ஏற்றிவிட்டு, பிறகு கடிதம் கேளுங்கள். வரிசை மாறினால் இரண்டும் கிடைக்காது.

தயக்கத்துக்கு மற்றொரு காரணம் ஜாமீன் பயம். "இந்தக் கடன் தொடர்பாக நாங்கள் முழு ஆதரவு அளிப்போம்" என்ற வாசகத்தை அவர்களின் வக்கீல் பார்த்தால் நிறுத்திவிடுவார். கடனை இவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம் என்று நாளை பொருள் கொள்ளப்படுமோ என்ற கவலை நியாயமானது. அதை நீங்களே போக்கிவிடுங்கள். கேட்கும்போதே கீழ்க்கண்ட மாதிரி ஒரு வாசகத்தைக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும்:

"இன்ன நிறுவனத்திடமிருந்து, அவர்கள் புது சிஎன்சி லேத்தை நிறுவியபின், இன்ன வரைபட எண் கொண்ட ஷாஃப்ட் மாதம் சுமார் 4,000 எண்ணிக்கையில் 24 மாதங்களுக்குக் கடைசல் செய்து பெற உத்தேசித்துள்ளோம். மூலப்பொருள் எங்களுடையது. கூலி பீஸுக்கு 22 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தரச் சோதனையில் தேறிய பீஸ்களுக்கு 45 நாளுக்குள் பணம். இது ஆர்டரோ, கடனுக்கான உத்தரவாதமோ அல்ல."

கடைசி வரி கடிதத்தைப் பலவீனமாக்கும் என்று சிலர் அதை எடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். வங்கி இதை வேலை இருப்பதற்கான அத்தாட்சியாகத்தான் படிக்கிறது. ஜாமீன் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பத்திரம் கேட்கும்.

தெரிந்த பர்ச்சேஸ் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி வருவதும் வீண்தான். அவருக்கு ஆர்டர் போட அதிகாரம் இருக்கலாம், கம்பெனி சார்பாக வங்கிக்குக் கடிதம் எழுத அதிகாரம் இருக்காது. இயக்குநர், பங்குதாரர் அல்லது அதிகாரம் பெற்ற கையொப்பதாரர் லெட்டர்ஹெட்டில் போடவேண்டும். ஜிஎஸ்டி எண், தேதி, கிளைக்கு முகவரியிட்டது, கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை இருக்கவேண்டும். அந்த எண்ணை எடுப்பவருக்குக் கடிதம் பற்றித் தெரிந்திருக்கவேண்டும். "அப்படி ஏதும் கொடுத்த ஞாபகம் இல்லையே" என்று ஒரு பதில் வந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லாத வாரம் எப்போதும் ஒன்று வரும். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். மார்ச் கடைசியில் கேட்காதீர்கள், கணக்கு முடிக்கும் நெருக்கடியில் உங்கள் தாள் அடியில் போய்விடும். கேட்கும்போது மெஷின் கொட்டேஷன், வங்கிக் கிளையின் பெயர், உங்கள் உத்யம் எண், வேண்டிய நான்கு விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மெஷினின் விலையோ மாடலோ பிறகு மாறி, எண்ணிக்கையும் மாறினால், பழைய கடிதத்தைத் திருத்திக் கொடுக்காமல் புதிதாக வாங்குங்கள்.