சோக்பிட் உறைக்குக் கலவை எங்கே வேண்டாம்

குளியலறை, சமையலறைத் தண்ணீர் இறங்க உறை போட்டு சோக்பிட் கட்டினால், எல்லா இணைப்பையும் பூசவிடாதீர்கள். மேலே இருக்கும் இரண்டு இணைப்புக்கு மட்டும் கலவை போதும்.

உதாரணமாக 8 அடி ஆழக் குழி, ஒரு அடி உயர உறை என்றால் 8 உறை. குழியின் அடியிலிருந்து அடுக்கும்போது கீழ் ஆறு உறையையும் கலவை இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். உறையின் சுவர் காங்கிரீட். தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குப் போவது உறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான். அதையும் அடைத்துவிட்டால் அடிப்பகுதி மட்டுமே மிஞ்சும், அது சோப்புக் கசடு படிந்து சீக்கிரம் அடைந்துவிடும். மேல் இணைப்புகளை ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலவையால் பூசுவது, மழைத் தண்ணீரும் இளகிய மேல்மண்ணும் உள்ளே சரியாமல் இருக்க.

மூடி வாங்கும்போது உறையின் வெளி விட்டத்தை அளந்து சொல்லுங்கள். 3 அடி உறை என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உள்விட்டம். சுவர் 2 அங்குலம் என்றால் வெளியே 3 அடி 4 அங்குலம் வரும்.

மணல் பூமியில் உறைக்கு வெளியே ஜல்லி நிரப்பாமல் இதைச் செய்யாதீர்கள், மணல் உள்ளே ஓடிச் சுற்றிலும் தரை இறங்கும். மேன்ஹோல், செப்டிக் டேங்க் என்றால் இந்தக் குறிப்பே பொருந்தாது. அங்கே ஒரு இணைப்பும் கசியக் கூடாது.