குறைமாதக் குழந்தைக்கு மாதக் கணக்கு பார்ப்பது எப்படி: 30+4-ஐக் கழித்த கதை

எங்கள் பையன் 2023 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிறந்தான். நாள் குறித்திருந்தது அக்டோபர் 9. அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று (2024 ஏப்ரல் 23) வீடு நிறைய உறவுக்காரர்கள். என் நாத்தனார் குழந்தையும் இவனும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அவள் நடுக்கூடத்தில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவனை உட்கார வைத்தால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தவளை மாதிரி குனிந்துகொண்டான். "எட்டரை மாசமாச்சு, இன்னும் முதுகு நிக்கலையே தாயி" என்றார் அப்பத்தா.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். எங்கெங்கே தப்பு விட்டேன் என்பதையும் சேர்த்து அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டர்கள் 'கரெக்டட் ஏஜ்' என்பார்கள். நான் திருத்திய வயது என்றே சொல்கிறேன்.

முதல் படி: எந்த இ.டி.டி. சரி?

திருத்திய வயது என்பது, குழந்தை பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. இ.டி.டி. என்பது அந்தத் தேதிதான், அதனால் அது சரியாக இருக்கவேண்டும். என் ஃபைலில் மூன்று இ.டி.டி. இருந்தன. கர்ப்பிணி அட்டையில் செப்டம்பர் 25. அது கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை வைத்துப் போட்டது, எனக்கோ மாதாமாதம் தேதி தள்ளித்தான் வரும். மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனில் அக்டோபர் 9. ஏழாம் மாத ஸ்கேனில் அதற்கும் பிந்தைய ஒரு தேதி.

எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் ஸ்கேன் தேதி. அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளரும், அதனால் அளவை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். ஏழாம் மாதத்தில் அப்படி இல்லை. குழந்தை மெலிவாக இருந்தாலே மெஷின் வயதைக் குறைத்துக் காட்டி, இ.டி.டி.-யைத் தள்ளிப் போட்டுவிடும். அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் குழந்தைக்குத் தேவைக்கு மேல் சலுகை கொடுத்த மாதிரி ஆகும்.

இரண்டாம் படி: கழித்தல் (நான் விழுந்த இடம்)

டிஸ்சார்ஜ் சம்மரியில் '30+4' என்று இருக்கும். 30 வாரம் 4 நாள் என்று அர்த்தம். முழு மாதம் என்பது 40 வாரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? 40-இல் 30 போனால் 10, அதோடு ஒரு 4 இருக்கிறதே என்று 10 வாரம் 4 நாள் முந்திப் பிறந்தான் என எழுதி வைத்துவிட்டேன். கூட்டல் குறியைப் பார்த்துக் கை தானாகக் கூட்டிவிட்டது. இன்னொரு அம்மா அதை 30.4 என்று கால்குலேட்டரில் தட்டி 9.6 வாரம் என்றார். இரண்டும் தப்பு.

சரியான வழி கடன் வாங்கிக் கழிப்பதுதான். 40 வாரத்தை 39 வாரம் 7 நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 39-இல் 30 போனால் 9 வாரம். 7-இல் 4 போனால் 3 நாள். ஆக 9 வாரம் 3 நாள், அதாவது 66 நாள்.

இப்போது சரிபார்க்கலாம். பிறந்த தேதியோடு இந்த 66 நாளைக் கூட்டுங்கள். ஆகஸ்ட் 4-க்குப் பிறகு அந்த மாதத்தில் 27 நாள், செப்டம்பர் 30, மொத்தம் 57. மீதி 9. அக்டோபர் 9 வந்துவிட்டது. முதல் ஸ்கேன் தேதியோடு பொருந்துகிறது என்றால், என்.ஐ.சி.யு. என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர்களும் அதே தேதியை வைத்துத்தான் 30+4 போட்டிருக்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் அட்டையில் இருக்கும் மற்ற தேதியோடு பொருத்திப் பாருங்கள், பிறகு டாக்டரிடம் கேட்டு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். என் அட்டைத் தேதியைப் பிடித்திருந்தால் பையன் 32+4 ஆகியிருப்பான், இரண்டு வாரம் வித்தியாசம்.

மூன்றாம் படி: வாரத்தை நான்கால் வகுக்காதீர்கள்

நம் ஊரில் பத்து மாதம் சுமந்தேன் என்கிறோமே, அது நாலு வாரம் ஒரு மாதம் என்ற கணக்கு. வயிற்றில் இருக்கும்போது அது சரி. பிறந்த பிறகு அந்தக் கணக்கைத் தொடர்ந்தால் ஒரு வருடத்துக்கு 13 மாதம் வந்துவிடும்.

அழகர் இறங்கிய நாளையே எடுத்துக்கொள்வோம். பிறந்து 263 நாள். 66-ஐக் கழித்தால் 197 நாள், 28 வாரம் 1 நாள். நான்கால் வகுத்தால் 7 மாதம். ஆனால் அக்டோபர் 9-இலிருந்து காலண்டரில் எண்ணினால் 6 மாதம் 14 நாள்தான். அரை மாதம் எங்கிருந்தோ கூடிவிட்டது. இந்த வயதில் அரை மாதம் சின்ன விஷயம் இல்லை.

அதனால் வாரம், வகுத்தல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி. சமையல்கட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் எல்லா 9-ஐயும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே மாத எண்ணை எழுதினேன். ஆப் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. நான் போட்டுப் பார்த்த ஒன்று, இ.டி.டி. வாங்கிக்கொண்டு திருத்திய வயதைத்தான் காட்டியது, ஆனால் அதை எங்கேயும் சொல்லவில்லை. ஃபோனில்தான் வேண்டும் என்பவர்கள் கூகுள் ஷீட்ஸில் A2 கட்டத்தில் இ.டி.டி.-யைப் போட்டு, பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=DATEDIF(A2,TODAY(),"M")
=DATEDIF(A2,TODAY(),"MD")
```

முதல் வரி மாதம், இரண்டாவது மீதி நாள். இ.டி.டி. இன்னும் வரவில்லை என்றால் #NUM! என்று காட்டும். அது கோளாறு இல்லை. அந்தத் தேதிவரை திருத்திய வயது என்று ஒன்று கிடையாது, 30+4-இலிருந்து வாரங்களைத்தான் மேலே எண்ணிக்கொண்டு போவார்கள்.

நான்காம் படி: அட்டவணையில் கோடு

எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யவேண்டும் என்று பார்க்க நான் பயன்படுத்துவது திருவனந்தபுரம் அட்டவணை. டி.டி.எஸ்.சி. என்று கேட்டால் குழந்தை டாக்டர்களுக்குத் தெரியும். இரண்டு வயதுவரை, ஒரு செயலுக்கு ஒன்றாக மொத்தம் 17 பட்டைகள், ஒரே தாளில் முடிந்துவிடும். நம் நாட்டுக் குழந்தைகளுக்காகச் செய்தது என்பதும் எனக்குப் பிடித்த காரணம். அடியில் மாதங்கள் இருக்கும். குழந்தையின் திருத்திய வயதில் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாக விழும் பட்டைகள் எல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டியவை. செய்யாதது ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். கோடு வெட்டிக்கொண்டு போகும் பட்டைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்று ராத்திரி முதலில் எட்டரை மாதத்தில் போட்ட கோட்டில், அவன் செய்யாத ஒன்று இடப்பக்கம் விழுந்தது. ரப்பரால் அழித்து ஆறரையில் போட்டேன். கோடு அந்தப் பட்டையின் நடுவே போனது. கையை ஊன்றி உட்காருவதும் ஆறு மாதத்துக் குழந்தை செய்கிற காரியம்தான். நாத்தனார் மகளோடு ஒப்பிட்டது எங்கள் தப்பு.

கோடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருமுறை டாக்டர் வீட்டில் நர்ஸ் வயது கேட்க, நான் பெருமையாகத் திருத்திய வயதைச் சொன்னேன். அவர் ஃபைலில் 30+4-ஐப் பார்த்துவிட்டு அதிலிருந்து இன்னொரு தடவை கழித்துவிட்டார். இரண்டு முறை கழித்ததில் பையன் எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு நின்றான்! அதிலிருந்து எப்போதும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்: "பிறந்து எட்டரை, கழிச்சது போக ஆறரை."

கழிக்கக் கூடாத இடங்கள்

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான். 6, 10, 14 வார ஊசிகளை எங்கள் அத்தை 'ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம்' என்றார். இவனுக்கு 6 வாரம் ஆனது செப்டம்பர் 15, இ.டி.டி.-க்கே இன்னும் 24 நாள் இருந்தது. டாக்டர் பார்த்துச் சரி என்றதும் அப்போதே போட்டோம். விழித்திரைப் பரிசோதனையும் அப்படித்தான், 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை ஆகவேண்டும். இன்னும் சின்னதாகப் பிறந்தால் அதற்கும் முன்பே. இதைத் தள்ளிப்போட்டால் பார்வை போகும் ஆபத்து உண்டு.

கழித்துப் பார்த்து சமாதானம் ஆகக் கூடாத அறிகுறிகளும் உண்டு. கால்கள் கத்தரி மாதிரி விறைத்துக் குறுக்கே போவது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, கற்றதை மறப்பது. திருத்திய வயதில் மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

பொதுவாக இரண்டு வயதுவரை கழிக்கிறார்கள். நாலு மாதத்தில் இரண்டு மாதம் என்றால் பாதி, இரண்டு வயதில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. மிகவும் முன்கூட்டிப் பிறந்தவர்களுக்குச் சில டாக்டர்கள் மூன்று வயதுவரைகூடப் பார்ப்பார்கள்.

பின்னால் சேர்த்தது: உசிலம்பட்டியிலிருந்து ஒருவர், 38 வாரத்தில் ஆபரேஷன், கழிக்கணுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், 37 முடிந்தாலே குறைமாதம் இல்லை. 36 வாரத்தில் பிறந்த இரட்டையருக்கு நாலு வாரம் கழிக்கவேண்டும்.

மறுபடியும்: இ.டி.டி. 31-ஆம் தேதி, பிப்ரவரியில் எங்கே வட்டம் போட என்று இன்னொருவர். மாதத்தின் கடைசி நாளில் போடுங்கள். ஷீட்ஸ் ஃபார்முலாவின் இரண்டாவது வரி இப்படிப்பட்ட தேதிகளில் நாளைத் தப்பாகக் காட்டலாம், அந்த மாதத்துக்குக் காலண்டரையே நம்புங்கள்.