மரபணுவை மூடியது மெத்திலா, அசிட்டைல் இழப்பா? கண்டறியும் செய்முறை

ஒரு மரபணுவின் எழுத்து வரிசையில் எந்தப் பிழையும் இல்லாதபோதும் அது செயல்படாமல் இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட ஆர்கேஓ என்னும் செல்வரிசையில் எம்எல்எச்1 மரபணு அப்படித்தான் மூடிக் கிடக்கிறது. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்த உதவும் புரதத்தை அது தர வேண்டும், தருவதில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மரபணுவின் தொடக்கத்தில் உள்ள புரோமோட்டர் பகுதியில், C-ஐ அடுத்து G வரும் இடங்களில் அந்த C-யின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி ஏறியிருக்கலாம். அல்லது, டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் வால்களில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலங்கள் தம்மேல் இருந்த அசிட்டைல் தொகுதியை இழந்திருக்கலாம். லைசின் நேர்மின்னேற்றம் உடையது, டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் உடையது. அசிட்டைல் ஏறினால் அந்த நேர்மின்னேற்றம் மறைந்து பிடி தளர்கிறது, நீங்கினால் இறுகுகிறது. இவை தனித்தனியாக இயங்குவதில்லை. மெத்தில் ஏறிய டிஎன்ஏவைப் பற்றும் புரதங்கள், அசிட்டைலை நீக்கும் நொதிகளையும் அவ்விடத்துக்கு அழைத்து வருகின்றன. ஆகவே எது மேலாதிக்கம் செலுத்துகிறது என்பதே கேள்வி. 1999-இல் புற்றுநோய் ஆய்வாளர் ஸ்டீபன் பேலினின் குழு இதே செல்களில் இதே கேள்விக்கு விடை கண்டது. கீழுள்ள முறை அந்தத் தருக்கத்தைப் பின்பற்றுகிறது.

படி 1: மெத்தில் உள்ளதா என்று பார்த்தல்

பிரித்தெடுத்த டிஎன்ஏவை ஒற்றை இழையாக்கி, சோடியம் பைசல்பைட்டுடன் வினைபுரிய விட வேண்டும். மெத்தில் இல்லாத C, U-வாக மாறி, டிஎன்ஏ துண்டைப் பன்மடங்காக நகலெடுக்கும் பிசிஆரில் T-யாகப் படிக்கப்படும். மெத்தில் உள்ள C மாறாது. கீழே முதல் வரி அசல் வரிசை, இரண்டாவது மெத்தில் இருந்தால் கிடைப்பது, மூன்றாவது இல்லாவிட்டால் கிடைப்பது.

```
1  ACGTTCGACCA
2  ACGTTCGATTA
3  ATGTTTGATTA
```

இறுதியில் உள்ள CC இரண்டு வரிகளிலும் TT ஆகிவிட்டதைக் கவனியுங்கள். அவற்றை அடுத்து G இல்லாததால், அங்கு மெத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வரிசையைப் படிக்கும்போது இத்தகைய C-க்கள் C-யாகவே பரவலாக எஞ்சியிருந்தால், வேதிவினை முழுமையடையவில்லை. அந்த முடிவைப் பயன்படுத்தக் கூடாது. புதியவர்கள் இல்லாத மெத்திலைக் கண்டுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். பைசல்பைட் டிஎன்ஏவைத் துண்டாக்கும் என்பதால், பிசிஆர் துண்டை ஏறத்தாழ 300 கார இணைகளுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: செல்களை நான்கு தட்டுகளாகப் பிரித்தல்

முதல் தட்டுக்கு மருந்து சேர்க்காத வெறும் கரைப்பான் மட்டும். இரண்டாவதற்கு, மெத்தில் ஏற்றும் நொதியைச் சிறைப்பிடிக்கும் டெசிடபைன், சுமார் 200 நானோமோலார், 48 மணி நேரம். மூன்றாவதற்கு, அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கும் டிரைக்கோஸ்டாட்டின், சுமார் 300 நானோமோலார், கடைசி 24 மணி நேரம். நான்காவதற்கு முதலில் டெசிடபைன், பின்னர் டிரைக்கோஸ்டாட்டின்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. டெசிடபைன், செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது அதனுள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். டிரைக்கோஸ்டாட்டின் செல் பிரிவதையே நிறுத்திவிடக்கூடியது. டெசிடபைன் நீரில் விரைவாகச் சிதைவதால், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கரைசலுடன் வளர்ப்பூடகத்தை மாற்ற வேண்டும். செல்கள் தட்டை நிறைத்து நெருக்கமாக இருந்தாலும் பிரிவு குறைந்து மருந்து பலிக்காது. ஆகவே ஐதாகவே விதையுங்கள். இரண்டு மருந்துகளையும் கையுறையுடன் மட்டுமே கையாளுங்கள்.

படி 3: ஆர்என்ஏவை அளத்தல்

ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏஸ் நொதியால் எஞ்சிய டிஎன்ஏவை அழித்த பின், எம்எல்எச்1-ஐ, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் ஆர்டி-பிசிஆரில் பாருங்கள். அந்த மாற்றத்தைச் செய்யும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத குழாயிலும் பட்டை தெரிந்தால், நீங்கள் பார்ப்பது ஆர்என்ஏ அன்று, கலந்துவிட்ட டிஎன்ஏ.

படி 4: வாசித்தல்

ஆர்கேஓவில் டிரைக்கோஸ்டாட்டின் மட்டும் பெற்ற தட்டில் எம்எல்எச்1 எழுவதில்லை. குறைந்த அளவு டெசிடபைன் மட்டும் சிறிதளவே எழுப்புகிறது. இரண்டும் சேரும்போது வெளிப்பாடு தெளிவாக உயர்கிறது. அதாவது, மெத்தில் அடர்ந்திருக்கும் வரை அசிட்டைல் நீக்கத்தைத் தடுத்துப் பயனில்லை. மெத்தில் ஓரளவு குறைந்த பிறகே அது பலன் தருகிறது. மாறாக, டிரைக்கோஸ்டாட்டின் மட்டுமே ஒரு மரபணுவை எழுப்பி, படி 1-இல் மெத்திலும் தெரியாவிட்டால், அங்கே ஹிஸ்டோன் வழியே தடை நிலவுகிறது என்று ஐயுறலாம்.

ஐயுறலாம் என்றே சொல்கிறேன், ஏனெனில் இரு மருந்துகளும் மரபணுத்தொகுதி முழுவதையும் தொடுகின்றன. வேறொரு மரபணு எழுந்து அதுவே இதை இயக்கியிருக்கவும் கூடும். எனவே மருந்து பெற்ற செல்களில் படி 1-ஐ மீண்டும் செய்து, புரோமோட்டரில் மெத்தில் குறைந்ததைக் காட்ட வேண்டும். அசிட்டைலுக்கு, அசிட்டைல் ஏறிய ஹிஸ்டோன் எச்3-ஐப் பற்றும் ஆன்டிபாடியால் குரோமட்டினைப் பிரித்தெடுத்து, அதே புரோமோட்டரை அளவிட வேண்டும்.

ஒப்பீட்டுக்கு எச்சிடி116 செல்வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எம்எல்எச்1 புரதம் இல்லை, ஆனால் காரணம் வரிசையிலேயே உள்ள திடீர்மாற்றம். எனவே இந்த மருந்துகள் எவ்வளவு கொடுத்தாலும் முழுப் புரதம் அங்கே திரும்பாது.