பத்திரிகைக் குறிப்பு எழுதுவது எப்படி? தலைப்பும் முதல் பத்தியும் மட்டும்

சின்னக் கம்பெனிகள் புதுப் பொருள் ஒன்றைக் கொண்டுவரும்போது பத்திரிகைகளுக்கு அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"வாடிக்கையாளர்களின் பேராதரவுடன் வெற்றிநடை போட்டுவரும் எங்கள் நிறுவனம், நவீனத் தொழில்நுட்பத்தில் உருவான உலகத்தரம் வாய்ந்த புதிய ஐஸ் பெட்டியை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறது."

செய்திப் பிரிவில் இருப்பவர் இதில் எதை எடுத்துப் போடுவார்? பெட்டி என்ன செய்யும், யாருக்கு, எப்போது, என்ன விலை, எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் கம்பெனியின் மகிழ்ச்சி. அது செய்தி இல்லை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ மின்னஞ்சல் வரும் மேசையில், இரண்டாவது பத்தியில் நல்ல விஷயம் இருந்தாலும் அங்கே வரை யாரும் படிக்கப் போவதில்லை.

அதனால் இந்தப் பதிவில் தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும் பார்ப்போம். ஒரே உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். திருவொற்றியூரில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறை. காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்காக ஒரு ஐஸ் பெட்டி செய்திருக்கிறார்கள். பட்டறையும் பெட்டியும் அளவுகளும் விலையும் நான் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.

முதலில் பட்டறைக்காரரிடம் கேளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இந்தப் பெட்டி வந்த பிறகு யாருக்கு என்ன மாறும்? பட்டறைக்காரர் முதலில் அவருக்குப் பெருமையாக இருப்பதைச் சொல்வார். இரண்டு அடுக்கு ஃபைபர், நடுவில் குளிரைக் காக்கும் பஃப் நுரை, பார்க்க அழகாக இருக்கும், இப்படி. சரி, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு முறை கேளுங்கள்: "இதை வாங்குற அம்மா இப்போ என்ன பண்றாங்க?"

அப்போதுதான் விஷயம் வெளியே வரும். அன்னக்கூடையிலோ தெர்மாகோல் பெட்டியிலோ மீனையும் உடைத்த ஐஸையும் போட்டு எடுத்துப் போகிறார்கள். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் வழியெல்லாம் சொட்டுகிறது. ஷேர் ஆட்டோவில் ஏற்றத் தயங்குகிறார்கள், ஏற்றினாலும் கூடுதல் காசு கேட்கிறார்கள். புதுப் பெட்டியில் உருகிய தண்ணீர் அடித்தட்டில் தேங்கும். குழாயைத் திறந்தால்தான் வெளியே வரும்.

இதுதான் செய்தி. ஃபைபரும் நுரையும் கீழே எங்கேயாவது வரட்டும். பட்டறைக்காரருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் உழைத்தது அந்த நுரையை நிரப்புவதில். ஆனால் படிப்பவருக்கு நுரை தெரியாது, சொட்டுகிற தண்ணீர் தெரியும்.

தலைப்பைத் தள்ளிவைத்து, முதல் பத்தியை எழுதுங்கள்

தலைப்பு மேலே இருப்பதால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். முதல் பத்தி சரியாக அமைந்தால் தலைப்பு அதற்குள்ளேயே இருக்கும், உருவி எடுத்தால் போதும்.

முதல் பத்தியில் என்ன பொருள், யார் செய்தது, யாருக்கு, எப்போதிலிருந்து, எங்கே, என்ன விலை என்று எல்லாமே இருக்க வேண்டும். இடம் பற்றாக்குறை வந்தால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். கடைசியில் இந்த ஒரு பத்தி மட்டும் அச்சானாலும், படிப்பவர் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்க முடிய வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருவதால், எல்லா விவரத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் என்ன நடந்தது என்று தெரிவதற்கு ஐந்து வரி காத்திருக்க வேண்டும். இதைப் பாருங்கள்:

"திருவொற்றியூரில் பல ஆண்டுகளாகப் படகு பழுதுபார்ப்பில் ஈடுபட்டுள்ள ____ பட்டறை, காசிமேட்டில் மீன் வாங்கிப் பல பகுதிகளில் விற்பனை செய்யும் பெண்களின் நலன் கருதி, ஐஸ் உருகும் தண்ணீர் கீழே சிந்தாத 40 லிட்டர் பெட்டி வரும் ஜூன் 15 முதல் விற்பனைக்கு அறிமுகப்படுத்தப்படவுள்ளது."

பட்டறை எழுவாயாகத் தொடங்கியது. வழியில் பெட்டி எழுவாயாகிவிட்டது. வாக்கியமே உடைந்துபோனது எழுதியவருக்குத் தெரியவில்லை. நீளமான வாக்கியத்தில் இது அடிக்கடி நடக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: வாக்கியம் தொடங்கிய எழுவாயையும் கடைசி வினையையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள். "பட்டறை அறிமுகப்படுத்தப்படவுள்ளது" என்று வந்தால் உடைந்திருக்கிறது.

மூன்று வாக்கியமாகப் பிரித்துவிடலாம். முதல் வாக்கியத்தில் பொருளும் அதன் புதுமையும், செய்தவர் பெயரும். இரண்டாவதில் யாருக்கு, எப்போது, எங்கே. மூன்றாவதில் விலை.

"திருவொற்றியூர், ஜூன் 10: ஐஸ் உருகும் தண்ணீரைக் கீழே சிந்தவிடாமல் அடித்தட்டில் தேக்கிவைக்கும் மீன் பெட்டியை, திருவொற்றியூரில் உள்ள ____ படகுப் பட்டறை தயாரித்திருக்கிறது. தலைச்சுமையாகவும் ஷேர் ஆட்டோவிலும் மீன் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கான இந்தப் பெட்டி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாளான ஜூன் 15 முதல் காசிமேட்டில் கிடைக்கும். 40 லிட்டர் பெட்டியின் விலை ஜிஎஸ்டி உட்பட 2,850 ரூபாய்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். "நாங்கள்", "எங்கள்" எங்கும் இல்லை. நிருபர் எழுதியதுபோலப் படர்க்கையில் இருப்பதால், மேசையில் இருப்பவர் அப்படியே எடுத்துப் போடலாம். "நாளை", "வரும் திங்கள்" போன்ற சொற்களும் இல்லை. நீங்கள் அனுப்பும் நாள் வேறு, பத்திரிகையில் வரும் நாள் வேறு, அதனால் தேதி மட்டுமே நம்பகமானது. ஊர்ப் பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளியா காற்புள்ளியா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு வழக்கம், அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

ஜூன் 15-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடியும் வாரத்தில் காசிமேடு பற்றி எழுத நிருபர்கள் எப்படியும் ஏதாவது தேடுவார்கள். அந்த நேரத்தில் மீன் பெட்டி பற்றிய குறிப்பு மேசைக்கு வந்தால் அதற்கு ஓர் இடம் இருக்கும். இதே குறிப்பை மே மாத நடுவில் அனுப்பினால், படகெல்லாம் கரையில் கிடக்கும்போது மீன் பெட்டி எதற்கு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பாருங்கள்

தலைப்புக்குப் போவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஏனென்றால் தலைப்பில் என்ன சொல்லலாம் என்பதை இதுதான் முடிவு செய்யும்.

பட்டறைக்காரர் "ஒழுகவே ஒழுகாது" என்கிறார். பெட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். சொட்டவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். மூடி ஓரமாகக் கசிகிறது. அப்படியென்றால் "ஒழுகவே ஒழுகாத" போய்விட்டது. நிமிர்த்தி வைத்தால் சிந்தாது என்பது மட்டும்தான் உண்மை. இதை இரண்டாவது பத்தியில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பெட்டியை வாங்கிய அம்மா ஆட்டோவில் படுக்கவைத்துவிட்டு வந்து சண்டை போடுவதைவிட அது மேல்.

அடுத்து, "நாள் முழுக்க ஐஸ் நிற்கும்". எவ்வளவு ஐஸ் போட்டால்? வெயிலிலா நிழலிலா? மூடியை எத்தனை தடவை திறந்து? இதற்குப் பதில் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அல்லது அளந்து எழுதுங்கள். உதாரணமாக: "10 கிலோ மீனும் 10 கிலோ ஐஸும் போட்டு நிறுவனம் செய்துபார்த்த சோதனையில், 10 மணி நேரத்துக்குப் பிறகு 4 கிலோ ஐஸ் மீதி இருந்தது." சோதித்தது நிறுவனமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏதோ ஆய்வகம் சான்று தந்ததுபோல ஆகிவிடும்.

"இந்தியாவிலேயே முதன்முறையாக" என்பதைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். அதை நிரூபிக்க யாராலும் முடியாது. "காப்புரிமை பெற்ற" என்பது இன்னும் ஆபத்து. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுக் காப்புரிமை பெற்றதாகச் சொன்னால் காப்புரிமைச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம். "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது" என்று எழுதலாம், அதுவும் விண்ணப்ப எண் கையில் இருந்தால்.

இப்போது தலைப்பு

ஏழெட்டு சொல்லுக்குள் முடியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒற்றை நெடுவரிசைத் தலைப்பில் அதற்கே இடம் போதாது. முதல் பத்தியில் கனமான சொற்களை மட்டும் எடுத்து வரிசையாக வையுங்கள்: ஷேர் ஆட்டோ, தண்ணீர் சிந்தாத, மீன் பெட்டி, திருவொற்றியூர் பட்டறை. அதை இப்படிக் கோக்கலாம்:

"தண்ணீர் சிந்தாத மீன் பெட்டி: திருவொற்றியூர் படகுப் பட்டறை அறிமுகம்"

"அறிமுகம்" என்று பெயர்ச்சொல்லிலேயே நிறுத்துவது பத்திரிகைத் தலைப்பில் வழக்கம்தான், "அறிமுகப்படுத்தியுள்ளது" என்று இழுக்கத் தேவையில்லை. பட்டறையின் பெயரைத் தலைப்பில் போடவில்லை. அதைக் கேள்விப்படாதவருக்கு அது வெறும் சத்தம், ஆனால் திருவொற்றியூர் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் கட்டாயம் பெயரைப் போடச் சொல்வார். முதல் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது என்று காட்டுங்கள்.

இன்னும் கொஞ்சம் கூர்மையாக வேண்டுமென்றால்:

"ஷேர் ஆட்டோவில் தண்ணீர் சிந்தாத மீன் பெட்டி: காசிமேட்டில் அறிமுகம்"

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, பிரச்சினை கண்முன் வருகிறது. ஆனால் பெட்டி சாய்ந்தால் கசியும் என்று இப்போதுதானே பார்த்தோம்? ஆட்டோவில் அது சாயாமல் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரை முதல் தலைப்போடு போவதே சரி. பட்டறைக்காரர் மூடிக்கு ஒரு ரப்பர் பட்டை வைத்துச் சரிசெய்துவிட்டால், திரும்பச் சோதித்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும்போது

மின்னஞ்சலின் பொருள் வரியில் "பத்திரிகைக் குறிப்பு" என்று மட்டும் போடாதீர்கள், தலைப்பையே போடுங்கள். குறிப்பை யுனிகோட் எழுத்தில், மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள். பழைய எழுத்துருவில் தட்டியதோ பிடிஎஃப் கோப்போ வந்தால், அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது எழுத்துகள் கலைந்துபோகும். திரும்பத் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரமில்லை. அடியில் கொடுக்கும் கைபேசி எண், பெட்டியைப் பற்றிப் பதில் சொல்லத் தெரிந்தவருடையதாக இருக்கட்டும். நிருபர் கூப்பிட்டால் முதலில் கேட்கப் போவது அநேகமாக "பெட்டி எவ்வளவு கனம், தலையில வெக்க முடியுமா?" என்பதுதான். அதனால் காலிப் பெட்டியின் எடையையும், மீனும் ஐஸும் போட்ட எடையையும் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டு அனுப்புங்கள்.