குழந்தை வாயில் வெள்ளைப் படலம்: இருவருக்கும் மருந்து போட்ட பிறகே போனது

கைக்குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருந்ததால் பால் படிந்திருக்கிறது என்றே வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. தேன் தடவச் சொன்னார் பெரியம்மா. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பதால் அதைத் தவிர்த்தோம்.

கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. பால் பெரும்பாலும் நாக்கில்தான் படியும், துடைத்தால் வந்துவிடும். இதுவோ கன்னத்திலும் ஈறிலும் தயிர்த்துணுக்கு போல ஒட்டியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு காண்டிடா பூஞ்சை என்றார். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்ததும் குறைந்தது, நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்ப வந்தது.

இன்னொரு டாக்டர் முதலில் என்னைத்தான் கேட்டார்: பால் கொடுத்து முடித்த பிறகும் காம்பில் எரிச்சல் இருக்கிறதா? இருந்தது. காம்பு பளபளப்பாகச் சிவந்தும் இருந்தது. எனக்கும் அதே பூஞ்சைதான், பிரசவத்துக்குப் பின் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கும் காரணமாகலாம் என்றார்.

எனக்கு மைக்கோனசோல் க்ரீம், குழந்தைக்கு அதே சொட்டு மருந்து, இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தோம். பால் கொடுத்த பிறகே சொட்டு விட்டோம். முன்னால் விட்டால் பால் அதைக் கழுவிவிடும். க்ரீமையும் அப்போதுதான் தடவுவேன், மிச்சம் தெரிந்தால் அடுத்த முறைக்கு முன் மெதுவாகத் துடைத்துவிடுவேன். குழந்தை சப்பும் ரப்பர் நிப்பிளைத் தினமும் கொதிக்க வைத்தோம். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. படலம் மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை தொடர்ந்தோம். அப்புறம் வரவில்லை, அப்பாடா!